மூன்றாவது கமா

ஒரு கோடி ரூபாயை எண்ணால் எழுதினால் அதில் எத்தனை கமா வரும், டக்கென்று சொல்லுங்கள் பார்ப்போம்?

மூன்று என்றால் நீங்கள் எங்கம்மா கட்சி. இரண்டு என்றால் கம்ப்யூட்டர் கட்சி. சண்டை போட வேண்டாம், இரண்டுமே சரி. 1,00,00,000 என்று எழுதினாலும் 10,000,000 என்று எழுதினாலும் பூஜ்யம் ஏழுதான், கோடி ஒன்றுதான்.

எங்கம்மா எண்களைப் படிக்க மாட்டாள். கமாவைத்தான் படிப்பாள். ஒரு கமா இருந்தால் ஆயிரம். இரண்டு இருந்தால் லட்சம். மூன்று இருந்தால் கோடி. முதல் கமாவுக்கு முன்னால் நிற்கிற எண் எவ்வளவோ, அத்தனை ஆயிரம், அத்தனை லட்சம், அத்தனை கோடி. பின்னால் வருவதை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள், நூறு கோடிக்குள் நம் ஊர்க் கணக்கில் இது எங்கேயும் தப்பாது. எழுதும்போது இலக்கங்களை ஒரே மூச்சில் எழுதி முடிப்பாள். பிறகு வலது கோடிக்குப் போய், மூன்று விட்டு ஒரு கமா, இரண்டு விட்டு ஒன்று, இன்னும் இரண்டு விட்டு ஒன்று என்று பேனாவால் குத்திக்கொண்டே இடது பக்கம் வருவாள். துணிக்குக் குண்டூசி குத்துகிற மாதிரி இருக்கும்.

ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயிலிருந்து உள்ளே போகிற மண் ரோட்டில் ஒரு தகர ஷெட். அதில்தான் அம்மாவின் யூனிட். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். பாய் வெட்டிய தோலைக் கட்டுக்கட்டாக அனுப்புவார், அம்மாவும் அவளிடம் வேலை பார்க்கிற பெண்களும் தைத்து அனுப்புவார்கள். பாய் என்றால் சின்ன அளவில் ஷூ ஏற்றுமதி செய்கிறவர். அப்பா போன பிறகு அம்மாவுக்கு முதல் ஆர்டரைக் கொடுத்தது அவர்தான். அம்மாவைத் தங்கச்சி என்பார். சம்பிரதாயத்துக்கு இல்லை, நிஜமாகவே.

ஷெட் எங்களுடையது இல்லை, வாடகை. ஓனர் அதை பேங்கில் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். கட்டவில்லை. ஒரு நாள் ஷெட் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இடமும் கட்டடமும் ஆன்லைன் ஏலம். ஆரம்ப விலை ரூ.84,00,000. கலந்துகொள்ள அதில் பத்து சதவீதம், ரூ.8,40,000, முன்பணமாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு லட்சம் ஏற்றிக் கேட்க வேண்டும். யார் எடுத்தாலும் எங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். அந்த ரேட்டுக்கு, மூணு ஃபேஸ் கரண்ட்டோடு வேறு ஷெட் ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அம்மா தேடிப் பார்த்துவிட்டாள். அதனால் விஷயம் ரொம்ப சிம்பிள். ஷெட் கையில் இருந்தால் யூனிட் இருக்கும், போனால் போகும்.

பாய் வந்து கட்டிங் டேபிள் மேல் உட்கார்ந்து யோசித்தார். பாதி நான், பாதி நீ என்றார். முன்பணத்திலும் பாதிப் பாதி. ஏலம் கிடைத்தால் மீதிக்கு அவர் லோன் போடுவார், அம்மா தன் பங்கை மாதாமாதம் தையல் கூலியில் கழித்துக்கொள்ள வேண்டும். அம்மா நகையை வைத்து, சீட்டைத் தள்ளி எடுத்து, தன் பாதியைக் கட்டினாள். லிமிட் எவ்வளவு என்று கேட்டேன். பாய் ஒரு பழைய லேபிளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: 1,05,00,000. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

இங்கே பாயின் ஆபீஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே துண்டுச்சீட்டில் கணக்கு எழுதும்போது யாரும் ரூபாய்க் குறியும் போட மாட்டார்கள், டாலர்க் குறியும் போட மாட்டார்கள். 1,25,000 என்று இருந்தால் ரூபாய். 125,000 என்று இருந்தால் டாலர். கமா நிற்கிற இடமே எந்த நாட்டுக் காசு என்று சொல்லிவிடும். லெதர் லைனில் நிறைய ஆபீஸில் இப்படித்தான். பாய்க்கு இரண்டும் கைவந்த பழக்கம். அம்மாவுக்கு டாலரோடு வேலையே இல்லை. அவளுக்குக் கூலி எப்போதும் ரூபாயில்தான் வரும்.

நான் வேலூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸில் சின்னச் சின்ன ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏலத்துக்கு ரெஜிஸ்டர் செய்தது, ஆதாரை அப்லோட் செய்தது, பாஸ்வேர்டை வைத்திருந்தது எல்லாம் நான்தான். முதல் தடவை லாகின் செய்து காட்டியபோதே அம்மா முகத்தைச் சுளித்தாள். நோட்டீஸில் 84,00,000 என்று இருந்தது போர்ட்டலில் 8,400,000 என்று இருந்தது. யாரோ வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

"இன்னாடா இது, எட்டு லட்சத்து நாப்பதாயிரம்னு போட்டுருக்கான்? முன்பணமா?"

"அது எம்பத்தி நாலு லட்சம்தான் மா. கமா வேற மாதிரி போட்டிருக்கான்."

"வேற மாதிரி இன்னா வேற மாதிரி. கமாவ கண்ட எடத்துல வச்சா கணக்கு எப்படிடா வெளங்கும்?"

சரி என்று அவளுக்காக ஒரு குட்டிப் பக்கம் எழுதினேன். என் போனில் திறக்கும். எண்ணை அடித்தால் லட்சக் கமா போட்டுப் பெரிய எழுத்தில் காட்டும். இதற்கு ரெடிமேடாகவே வசதி இருக்கிறது, ஒரே வரியில் முடித்திருக்கலாம். நான் கையாலேயே எழுதினேன். காரணம் கெத்து, வேறொன்றும் இல்லை. முதலில் பைசாவைத் தனியே வெட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளியையும் சேர்த்து எண்ணித் தொலைக்கும். பிறகு கடைசி மூன்று இலக்கத்தைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை இரண்டு இரண்டாக வெட்ட வேண்டும். முதல் முயற்சியில் அந்த மீதியை இடது பக்கத்திலிருந்து வெட்டிவிட்டேன். எண்பத்து நாலு லட்சத்துக்கு 84,00,000 என்று சரியாகவே வந்தது. கோடியே இரண்டு லட்சம் கொடுத்துப் பார்த்தால் 10,20,0,000 என்று கேவலமாக வந்தது. மீதி இலக்கங்கள் இரட்டைப்படையாக இருக்கும்வரை தப்பு தெரியாது, ஒற்றைப்படை ஆனதும் பல்லிளிக்கும். வலது பக்கத்திலிருந்து வெட்டும்படி மாற்றினேன். 1,02,00,000. அம்மா எப்படிப் பேனாவால் போடுவாளோ அதே வழி. அவளிடம் காட்டினேன், இப்ப சரி என்றாள்.

ஏல நாளில் நான் அரை நாள் லீவு போட்டேன். ஷெட்டிலேயே உட்கார்ந்தோம், வைஃபை அங்கேதான் இருந்தது. பாய் வாணியம்பாடிக்கு ஏதோ வேலையாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் போனில் ஸ்பீக்கர் போட்டு லைனில் வைத்துக்கொண்டோம். லேப்டாப்பை நான் பார்த்தேன். என் போனில் லட்சக் கமா பக்கம். போர்ட்டலில் எண் மாறும், நான் அதைப் போனில் அடிப்பேன், அம்மா போனைப் பார்த்துப் பாய்க்குச் சொல்வாள். பாய் ம் என்பார். நான் ஒரு லட்சம் ஏற்றுவேன்.

ஆரம்பத்தில் நாலு பேர் கேட்டார்கள். தொண்ணூறைத் தாண்டியதும் ஒருத்தன் மட்டும்தான் மிச்சம். பெயர் எல்லாம் காட்டாது, வெறும் நம்பர் காட்டும். அவன் அவசரப்படவே மாட்டான். கடைசி நிமிஷம்வரை சும்மா இருந்துவிட்டு ஒரு லட்சம் ஏற்றுவான். கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிஷம் கூடும். இப்படியே போனது. பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா நடுநடுவே திரும்பி, ஒரு பெண்ணிடம் நூல் மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்ப்பாள். எனக்குப் படபடப்பு எதுவும் இல்லை. வீடியோ கேம் மாதிரிதான் இருந்தது.

கோடி நாங்கள் கேட்டோம். அவன் ஒரு கோடியே ஒரு லட்சம் என்றான். நான் போனில் அடித்துக் காட்டினேன், 1,01,00,000. அம்மா பாய்க்குச் சொன்னாள்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மெஷின்கள் நின்றன. ரவுட்டர் அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் இருந்தது, ஆனால் நெட் இல்லை. பெண்கள் எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டார்கள், கரண்ட் போனால் அதுதான் பழக்கம். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். தகரக் கூரைக்கு அடியில் என் சிம்முக்கு சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அம்மாவுடையது வேறு கம்பெனி சிம் போட்ட பட்டன் போன், பேச்சுக்கு மட்டும்தான் ஆகும். கதவருகே போனேன், இரண்டு கோடு வந்தது. ஸ்டூல் மேல் வைத்தால் விழுந்தது, கையில் உயர்த்திப் பிடித்தால் நின்றது. அதனால் வாசற்படியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தபடி, உள்ளே பார்த்துக் கனெக்ட் ஆச்சா என்று கேட்டேன்.

"ஆச்சு. சுத்துது. வந்துச்சு. ரெண்டு நிமிசம்தான்டா இருக்கு."

"நான் வந்தா கட் ஆயிடும் மா. நீயே அடி."

அம்மாவுக்கு லேப்டாப் ஒன்றும் புதிதில்லை. பில் போடுவாள், மெயில் பார்ப்பாள். எங்கே அடிக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்பீக்கரில் பாயின் குரல் கேட்டது.

"நூத்திரெண்டு அடி மா தங்கச்சி. நூத்திரெண்டு லட்சம். பயப்படாத."

ஒரு கோடியே இரண்டு லட்சம் என்று யாரும் சொல்வதில்லை இங்கே. நூத்திரெண்டு லட்சம், நூத்தஞ்சு லட்சம், அப்படித்தான் பேச்சு.

கீபோர்டு சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரே ஒரு தட்டு. நான் வெளியே பார்த்தேன், ஒரு ஆட்டோ தோல் கட்டு ஏற்றிக்கொண்டு போனது.

"அமௌண்ட் சரியா இருக்கா மா?"

"நூத்திரெண்டு. சரியா இருக்கு."

"கன்ஃபார்ம் கேக்கும், பாத்து குடு."

"அதுலயும் ஒன் ஹண்ட்ரட் டூன்னுதான் போட்டுருக்கான். குடுத்துட்டேன்."

நல்லது என்றேன். கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். பாய் ஷாபாஷ் என்றார்.

கரண்ட் வந்த பிறகுதான் உள்ளே போனேன். ரவுட்டர் பச்சை காட்டும்வரை நின்றுவிட்டு, ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் ஏலத்தொகைதான் அதிகம் என்று பச்சைக் கட்டத்தில் இருந்தது. அதற்குக் கீழே 102,000,000.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு, எதற்கு என்று தெரியாது, போனில் அடிக்காமல் பாய் லிமிட் எழுதிக் கொடுத்த அந்த லேபிளையே எடுத்து அதன் கீழே எழுதினேன். 102000000. வலது கோடியிலிருந்து மூன்று விட்டு ஒரு கமா. இரண்டு விட்டு ஒன்று. இரண்டு விட்டு இன்னொன்று. 10,20,00,000. அம்மா என் தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கமாவை வைக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்னால் பத்து நின்றது.

"பத்து கோடியா?" என்றாள். டீ ஆறிப்போச்சா என்று கேட்கிற குரல்தான்.

"பத்து கோடியே இருபது லட்சம்."

அவள் எப்படி அடித்தாள் என்று அப்புறம் சொன்னாள். முதலில் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். ஒன்று, பூஜ்யம், இரண்டு, அப்புறம் ஐந்து பூஜ்யம். அடிக்க அடிக்கக் கட்டமே கமா போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கடைசியில் 10,200,000 என்று நின்றது. இரண்டு கமா, முன்னால் பத்து. அவள் கணக்கில் அது பத்து லட்சம் சொச்சம். ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு என்று இன்னொன்று தட்டினாள். 102,000,000 ஆனது. இரண்டு கமா, முன்னால் நூத்திரெண்டு. நூத்திரெண்டு லட்சம். பாய் என்ன சொன்னாரோ அச்சு அசல் அதே. கன்ஃபார்ம் கட்டத்தில் எழுத்தால் ஒன் ஹண்ட்ரட் டூ மில்லியன் என்று வந்தது. ஒன் ஹண்ட்ரட் டூ அவளுக்குத் தெரியும். மில்லியன் என்றால் லட்சத்துக்கு இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டாள். மேலே எதிராளி கேட்ட தொகை இருந்ததே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். ஓடுகிற நேரத்தைத்தான் பார்த்தேன் என்றாள்.

போர்ட்டல் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அது இரண்டே இரண்டைத்தான் பார்க்கும். முந்தைய தொகையைவிட ஒரு லட்சமாவது கூட இருக்கிறதா, லட்சத்தின் மடங்காக இருக்கிறதா. இரண்டும் இருந்தது.

வாசலுக்குப் போய் ஹெல்ப்லைனுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். ஏலம் ஓடும்போது கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது சார், பேங்க் ஆபீஸரிடம் பேசுங்கள் என்றாள். ஆபீஸருக்குப் போட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, ஏலம் முடியட்டும் தம்பி, எழுத்துமூலமா குடுங்க என்றார். குரலில் கடுமை இல்லை. ஸ்கிரீனில் நேரம் குறைந்துகொண்டே இருந்தது. இனி எவன் பத்து கோடிக்கு மேல் கேட்கப் போகிறான். கேட்டால் நாங்கள் தப்பிப்போம் என்று நினைத்து நானும் அம்மாவும் அந்த எதிராளி நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவனும் அந்நேரம் எங்கேயோ ஒரு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து எங்கள் நம்பரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பான், இல்லை பயந்திருப்பான். தெரியாது.

பெண்கள் டீ குடித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள். சத்தம் திரும்பியது. நேரம் முடிந்தது. வாழ்த்துகள் என்று வந்தது.

ஸ்பீக்கரில் பாய் இருப்பதையே மறந்துவிட்டோம். இடையில் அவர் பக்கம் சிக்னல் விட்டுப்போய், இப்போதுதான் குரல் திரும்பியிருக்கிறது.

"இன்னா மா, சத்தத்தையே காணோம். ஜெயிச்சிட்டோமா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவளே போனை எடுத்தாள்.

"ஜெயிச்சிட்டோம் பாய். பத்து கோடியே இருபது லட்சத்துக்கு."

பாய் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். அம்மா சிரிக்காமல் இருப்பதைக் கவனிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு வண்டியை ஓரங்கட்டச் சொல்வது கேட்டது.

"இன்னா நம்பர் அடிச்ச, அப்படியே சொல்லு."

அம்மா கமாவோடு சேர்த்துச் சொன்னாள். நூத்திரெண்டு, கமா, மூணு சைபர், கமா, மூணு சைபர்.

"அரே," என்றார் பாய். "அது டாலர் கமா மா."

அவ்வளவுதான் சொன்னார். அவர் ஸ்கிரீன் முன்னால் இருந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பார். காரில் இருந்தார்.

விதி ரொம்பத் தெளிவு. எடுத்தவர் மறுநாளுக்குள் கால் பங்கு கட்ட வேண்டும். பத்து கோடியே இருபது லட்சத்தில் கால் பங்கு 2,55,00,000. கட்டாவிட்டால் முன்பணம் போச்சு, ஏலம் மறுபடி நடக்கும்.

வேலூரில் பேங்க் ஆபீஸுக்கு நானும் அம்மாவும் போனோம். பாய் முன்பே வந்து வெளியே நின்றிருந்தார். மனுவை நான் டைப் செய்து வைத்திருந்தேன். அம்மா அது போதாது என்று, ஒரு வெள்ளைத்தாளில் ஒரே தொகையை இரண்டு விதமாகக் கையால் எழுதி எடுத்து வந்தாள். மேலே நம் கமா, கீழே அவன் கமா. ஆபீஸர் தாளை வாங்கி உண்மையிலேயே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பாயிண்ட் பாயிண்டாகப் பேசினேன். உங்கள் நோட்டீஸில் லட்சக் கமா, போர்ட்டலில் மில்லியன் கமா. எழுத்திலும் மில்லியன். ஆம்பூரில் ஷெட் ஏலத்துக்கு மில்லியன் எதற்கு. எண்பத்து நாலு லட்ச ரூபாய் இடத்தைப் பத்து கோடிக்கு யாராவது வேண்டுமென்றே கேட்பார்களா. காலேஜில் செமினார் எடுத்த மாதிரி நன்றாகத்தான் பேசினேன்.

அவர் ஒரு பிரிண்ட் எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எந்த நேரத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியல். எங்கள் வரியில் 102000000 என்று இருந்தது. கமாவே இல்லை.

"சிஸ்டத்துல கமா கெடையாது தம்பி. வெறும் நம்பர்தான் போய் உக்காரும். கமா சும்மா கண்ணுக்கு. நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நான் எழுதுகிற ப்ரோக்ராமிலும் அப்படித்தான். சேமிக்கும்போது கமாவை உருவிவிடுவேன், காட்டும்போது மறுபடி போடுவேன். கோபம் வரவில்லை. அவர் டேபிளில் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்பினார். மேலிடத்திலிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்தது. ஏலதாரர் உறுதிசெய்த தொகை, விதிப்படி முன்பணம் பறிமுதல். அதில் ரூ.8,40,000 என்று லட்சக் கமாதான் போட்டிருந்தார்கள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று பாயின் வக்கீல் சொன்னார். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு பாய் வேண்டாம் என்றார். அம்மாவின் பாதிக்கும் சேர்த்துத் தானே பொறுப்பு என்றார். அடி என்று சொன்னது நான்தானே என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அடிச்சது நானு, என் பாதி என்னோடது என்றாள். வக்கீல் ஆபீஸுக்கு எதிர் ஹோட்டலில் இரண்டு பேரும் தோசையை வைத்துக்கொண்டு குரல் உயர்த்தாமல் இதைப் பேசினார்கள். நான் என் தோசையை முழுக்கச் சாப்பிட்டேன். ருசி நன்றாகவே இருந்தது. அது எனக்கு இன்னமும் விளங்காத விஷயம். அழவேண்டும் போலவோ எதையாவது உடைக்க வேண்டும் போலவோ எதுவும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ரீல்ஸ் பார்த்தேன்.

மறு ஏலம் அறிவித்தார்கள். அதே 84,00,000, அதே முன்பணம். எங்களிடம் கட்ட இன்னொரு எட்டு லட்சத்து நாற்பதாயிரம் இல்லை. பாயும் அந்த மாதம் ஷிப்மெண்ட் மாட்டிக்கொண்டு பேஜாரில் இருந்தார். ஆனாலும் அன்றைக்கு அம்மா என்னை லாகின் பண்ணச் சொன்னாள். முன்பணம் கட்டாதவனை உள்ளே விடமாட்டான் என்றேன். சரி என்று போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

குடியாத்தம் பக்கத்து லுங்கி வியாபாரி ஒருவர் எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. தொண்ணூத்திமூணு லட்சத்துக்கு. எங்கள் லிமிட்டைவிடப் பன்னிரண்டு லட்சம் கம்மி. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இல்லை, சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"எவ்ளோ?"

"தொண்ணூத்திமூணு."

"எழுதிக் காட்டு."

செய்தித்தாள் ஓரத்தில் எழுதினேன். 93,00,000. அவள் கமாக்களைப் பார்த்தாள். இரண்டு. தலையை ஆட்டிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள்.

லுங்கி வியாபாரி மரியாதையான ஆள். உடனே போ என்று சொல்லவில்லை, கையில் இருந்த ஆர்டரை முடித்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு குடோன்தான் வேண்டும், தையல் யூனிட்டுக்கு வாடகைக்கு விடுகிற எண்ணம் இல்லை. கேட்டுப் பார்த்தோம். அம்மா கடைசி லாட்டைத் தைத்து பாய்க்கு அனுப்பிவிட்டு, மெஷின்களை விற்க ஆரம்பித்தாள். வாங்க வருகிறவர்கள் விலையை வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தாளில் எழுது என்பாள். எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, கமா இல்லாவிட்டால் தன் பேனாவால் வலது பக்கத்திலிருந்து குத்திவிட்டுத்தான் சரி என்பாள். பழைய இரும்பு எடுக்கிற ஒருத்தன் இது இன்னாக்கா ஆபீஸா என்று கிண்டல் செய்தான். ஆமா, நீ எழுது என்றாள்.

பெண்களில் பாதிப் பேர் பெரிய ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள், கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆலங்காயத்திலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் எங்கள் தெருதான், அவள் இன்னும் வருகிறாள், இப்போது எங்கள் வீட்டுக்கு. பாய் இன்னும் வேலை அனுப்புகிறார், முன்பு ஆட்டோவில் வந்த கட்டு இப்போது ஸ்கூட்டரில் வருகிறது. மீட்காத நகையின் வட்டியை நான் சம்பளத்தில் கட்டுகிறேன்.

என் கம்பெனியில் போன மாதம் பில் ப்ரோக்ராமை மாற்றச் சொன்னார்கள். உள்ளூர் பில்லும் ஏற்றுமதி பில்லும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். மேனேஜர் எல்லாவற்றுக்கும் மில்லியன் கமாவே போட்டுவிடு, ஒரே மாதிரி நீட்டாக இருக்கும் என்றார். நான் முடியாது என்றேன். ஏன் என்றார். ரூபாய்க்கு லட்சக் கமா, டாலருக்கு மில்லியன் கமா, தொகைக்குப் பக்கத்தில் எந்தக் காசு என்ற குறி, கீழே எழுத்தால் லட்சம் கோடி என்றே வர வேண்டும், அப்படியானால் செய்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இவனுக்கு இன்னா ஆச்சு என்பது மாதிரிப் பார்த்தார். கடைசியில் உன் இஷ்டம் என்றார். இந்த முறையும் கையாலேயே எழுதினேன். கெத்துக்கு இல்லை. மைனஸ் தொகை வந்தால் குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் வெட்டுகிறேன், இல்லாவிட்டால் குறிக்கும் முதல் இலக்கத்துக்கும் நடுவில் ஒரு கமா வந்து உட்கார்ந்துகொள்ளும். பூஜ்யத்திலிருந்து நூறு கோடிவரை தோன்றியதையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. வந்ததும் ஒன்றும் தோன்றவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஹாலில் நாலு மெஷின்தான் பிடிக்கும்.